அறை வெப்பநிலை

ஒவ்வொரு மாதமும் முதல் வாரம் வந்துவிட்டால் இன்ஷிராவுக்கு வேறு யோசனை ஓடாது. மற்றவர்கள் எழுதிவைத்துவிட்டுப் போனதையெல்லாம் சுருக்கி, இரண்டு பக்கத்துக்குள் அடக்கி, நிர்வாகத்தின் மேசையில் வைக்கவேண்டும்.

கண்டிக்குக் கொஞ்சம் வெளியே, ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவள் வேலை செய்தாள். நோயாளர் திருப்திப் பிரிவு என்று கதவில் பலகை இருந்தாலும் உள்ளே இருந்தது அவள் ஒருத்திதான். வெளிநோயாளராக வந்து போகிறவர்களுக்குப் போனில் கேள்விகள் போகும். வார்டில் தங்கியவர்களுக்கும், சிறுநீரகம் பழுதாகி மெசினில் இரத்தம் சுத்திகரிக்க வருகிறவர்களுக்கும் கடதாசிப் படிவம். வரவேற்பு, காத்திருந்த நேரம், தாதிமாரின் நடத்தை, சுத்தம், மொத்தத்தில் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு வட்டம் போடவேண்டும். கடைசியில் கோடு போட்ட கொஞ்சம் இடம், 'நீங்கள் சொல்ல விரும்புவது' என்று.

வட்டங்களைக் கூட்டிச் சராசரி எடுப்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். கோடு போட்ட இடத்தில் எழுதியிருப்பதைப் பார்க்கத்தான் இன்ஷிரா. சிங்களத்தில் இருக்கும், தமிழில் இருக்கும், இரண்டும் கலந்தும் இருக்கும். ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் ஒரு சின்ன வரியாக மாற்றி, பக்கத்துக் கட்டத்தில் அதற்கொரு தலைப்புக் கொடுக்கவேண்டும். வாகனத் தரிப்பிடம், மருந்தகத்தில் தாமதம், சாப்பாடு, ஊழியர் நடத்தை, அறை வெப்பநிலை என்று தலைப்புகள் ஏற்கனவே இருந்தன. எந்தத் தலைப்பில் எத்தனை விழுந்தது என்று எண்ணி, அதிகம் விழுந்த மூன்று பாராட்டு, மூன்று குறை. மிச்சமெல்லாம் 'ஏனையவை'.

முன்பெல்லாம் அறிக்கையில் மூன்றாவது பக்கம் ஒன்று இருந்தது. நோயாளர்கள் எழுதியதை அவர்களுடைய வார்த்தையிலேயே கொஞ்சம் எடுத்துப் போடுவாள். பொது முகாமையாளர் லக்ஸ்மன் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். "வாசிச்சா தல சுத்துது. எனக்குச் சுருக்கம் போதும்" என்றார். ஒரு பிரிவில் முப்பது படிவத்துக்குக் குறைவாக வந்தால் அந்தப் பிரிவின் புள்ளியைத் தனியாகக் காட்டக்கூடாது என்பது இன்னொரு விதி. சின்ன எண்ணிக்கையில் சராசரி மாதாமாதம் தாறுமாறாக ஏறி இறங்கும், அதைப் பார்த்து யாரும் தப்பாக முடிவெடுக்கக்கூடாது என்றுதான் அப்படி. நியாயமான விதிதான். அதனால் இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவு 'ஏனைய சிகிச்சைகள்' என்ற வரிக்குள் போய்விடும்.

இன்ஷிரா வேலையில் கெட்டிக்காரி. ஒரு படிவத்தைக் கையில் எடுத்தால் முழுசாக வாசித்து முடிக்குமுன்பே இது எந்தத் தலைப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த ஜூலை மாதப் படிவங்களில் குளிரைப் பற்றிய குறை கூடுதலாக வந்திருந்தது. காத்திருக்கும் மண்டபத்தில் ஏசி பலம் என்று பலர் சிங்களத்தில் 'சீதலய்', குளிருகிறது என்று எழுதியிருந்தார்கள். சுத்திகரிப்புப் பிரிவிலிருந்தும் தமிழிலும் சிங்களத்திலும் சில வந்தன. குளிர் என்ற சொல் கண்ணில் பட்டதும் கை தானாக 'சிகிச்சையின்போது குளிராக இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் அடித்தது. தலைப்பு, அறை வெப்பநிலை. எல்லாம் சேர்ந்ததில் அது மூன்றாவது பெரிய குறையாக மேலே வந்து நின்றது.

கூட்டத்தில் லக்ஸ்மனுக்கு அது பிடித்துவிட்டது. வாகனம் நிறுத்த இடம் இல்லை என்றால் அவர் எங்கே போய் நிலம் வாங்குவது? மருந்தகத்துக்கு ஆள் போட முடியாது. குளிர் என்றால் உடனே செய்யலாம். ஏசியைக் குறைத்து வைக்கச் சொன்னார். சுத்திகரிப்புப் பிரிவுக்குப் புதிய போர்வைகள் வாங்கச் சொன்னார். இன்ஷிராவின் மேலதிகாரி ஷிரோமி, கூட்டம் முடிந்து வரும்போது அவள் தோளில் தட்டினாள்.

"பாத்தீங்களா இன்ஷிரா? நம்ம ரிப்போர்ட்டால ஒரு வேல நடந்திருக்கு. இதத்தான் நான் எப்பவும் சொல்றது."

இன்ஷிராவுக்குச் சந்தோஷமாக இருந்தது. கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடியே வாப்பாவுக்குப் போன் எடுத்து அதைச் சொன்னாள்.

அடுத்த மாதப் படிவங்களைப் பிரித்தபோது மண்டபத்துக் குளிர் காணாமல் போயிருந்தது. ஆனால் சுத்திகரிப்புப் பிரிவுக் குளிர் இரண்டு மடங்காகியிருந்தது.

முதலில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. ஏசியைக் குறைத்தாயிற்று, போர்வை கொடுத்தாயிற்று, இன்னும் என்னத்துக்குக் குளிருது இவர்களுக்கு என்று நினைத்தாள். அப்போது கையில் இருந்த படிவம் ஒரு தமிழ்ப் படிவம். வட்டங்கள் எல்லாம் ஐந்தில். கீழே கரும்பலகையில் எழுதுகிற மாதிரி வரிசை பிசகாத எழுத்து.

'போர்வை கொடுத்ததற்கு நன்றி. ஆனால் இது போர்வைக்கு அடங்கும் குளிர் இல்லை. போன மாதமும் எழுதியிருந்தேன்.'

இன்ஷிரா அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு எழுந்து அலுமாரியைத் திறந்து போன மாதக் கட்டை எடுத்தாள். அதே எழுத்தைத் தேடிப் பிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அதிலும் ஐந்து, ஐந்து, ஐந்து. கீழே:

'மெசின் போட்டுக் கொஞ்ச நேரத்தில் உள்ளுக்குள்ளிருந்து குளிர் எடுக்கிறது. கட்டில் ஆடுமளவுக்கு நடுக்கம். வீட்டுக்குப் போனால் காய்ச்சல். என்னோடு வருகிறவர்களுக்கும் இப்படித்தான். தயவுசெய்து பாருங்கள். – டொரதி, ஓய்வு பெற்ற ஆசிரியை, தெல்தோட்டை.'

கம்ப்யூட்டரில் அந்த வரிக்கு நேரே அவள் அடித்தது இருந்தது. சிகிச்சையின்போது குளிராக இருக்கிறது. அறை வெப்பநிலை.

மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லோரும் டொரதி டீச்சர் மாதிரி விபரமாக எழுதியிருக்கவில்லை. ஒருவர் 'குளிரும் நடுக்கமும்' என்று மட்டும் எழுதியிருந்தார். சிங்களத்தில் ஒரு அம்மா, இரவெல்லாம் நடுங்கியதாக எழுதியிருந்தார். இரவு அவர் ஆஸ்பத்திரியில் இல்லையே, வீட்டிலல்லவா? அதைக்கூட யோசிக்காமல் அறை வெப்பநிலை என்று போட்டிருந்தாள். படிவங்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

சுத்திகரிப்புப் பிரிவில் கட்டில்கள் வரிசையாக இருந்தன. மெசின்கள் ஒரே தாளத்தில் இரைந்துகொண்டிருந்தன. பொறுப்புத் தாதி யசோதினி யாழ்ப்பாணத்துக்காரி. கல்யாணம் முடித்துக் கண்டிக்கு வந்தவள். இன்ஷிரா கேட்டதும் அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு மருந்து வைக்கும் சின்ன அறைக்குள் கூட்டிப் போனாள்.

"ஓம், எனக்குத் தெரியும். ஒரு ஷிப்டில ஒருத்தருக்கு வரும், இன்னொரு ஷிப்டில ரெண்டு பேருக்கு வரும். பிரஷரும் இறங்கும். டொக்டர் ஊசி போடச் சொல்லுவார், பனடோல் குடுக்கச் சொல்லுவார், குளிர் நிண்டிடும். அடுத்த ஷிப்டுக்கு வாற டொக்டருக்கு இது தெரியாது."

"ஒண்டும் எழுதிக் குடுக்கல்லையா சிஸ்டர்?"

"எழுதினா சம்பவ அறிக்கை. இந்த வருசம் முழுக்க எங்கட பிரிவில சம்பவம் ஒண்டும் இல்ல எண்டு வாசல்ல ஒட்டி வச்சிருக்கினம், பாத்தனீங்கள்தானே?" யசோதினி குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு ஐமிச்சம் தண்ணியிலதான். மெசினுக்குப் போற தண்ணி வடிகட்டி வாறது. அந்தக் குழாய் லைனை மாசாமாசம் மருந்து விட்டுக் கழுவ வேணும். பம்ப் திருத்தினதுக்குப் பிறகு கழுவினதை நான் காணேல்ல. கழுவுறதெண்டா ஒரு நாள் பிரிவை மூட வேணும். டெக்னீஷியனைக் கேட்டா தண்ணி ஓகே எண்டுறார். எந்த மாசத்து ரிப்போர்ட்டைப் பாத்துச் சொல்லுறார் எண்டு தெரியேல்ல."

டொரதி டீச்சர் அன்று வந்திருந்தார். சன்னலோரக் கட்டில். மெலிந்த முகம், கழுத்தில் ஜெபமாலை. பக்கத்துக் கதிரையில் அவருடைய கணவர் கபிரியேல், தேயிலைத் தொழிற்சாலையில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியின் காலைப் போர்வைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நீங்க எழுதினத வாசிச்சேன்" என்றாள் இன்ஷிரா.

டொரதியின் முகம் மலர்ந்தது. "வாசிச்சீங்களா? அப்பாடா. நான் இவருகிட்ட சொன்னேன், யாரோ படிப்பாங்கன்னு. இவரு நம்பல."

"எல்லாத்துக்கும் அஞ்சு போட்டிருக்கீங்களே டீச்சர்."

"சிஸ்டர்மாரு நல்லவங்கம்மா. பாவம், ஓடியாடிப் பாக்குறாங்க. அவங்களுக்கு எப்படிக் கொறைச்சுப் போடுறது? அதான் கீழ எழுதுனேன்."

கபிரியேல் இடையில் புகுந்தார். "இது ஏசிக் குளிர் இல்லங்க மிஸ். மலையில பொறந்து வளந்தவங்க நாங்க, குளிரு எங்களுக்குப் புதுசா? பல்லு கட்டிப் போகுது இவளுக்கு. போன தடவ பஸ்ஸுல போறப்பயே காய்ச்சல் அனலாக் கொதிச்சிருச்சு. பெரியாஸ்பத்திரிக்கு மாறலாம்னா அங்க இடமே இல்லங்கிறாங்க."

"நான் மேல சொல்லுறேன் ஐயா. இண்டைக்கே சொல்லுறேன்."

"சொல்லுங்க மிஸ்" என்றார் டொரதி. "ஒங்க சொல்லுக்கு மேல மதிப்பு இருக்கும்."

இன்ஷிரா நேரே ஷிரோமியின் அறைக்குப் போனாள். படிவங்களை மேசையில் பரப்பி, தான் செய்த பிழையையும் மறைக்காமல் சொன்னாள். ஷிரோமி கேட்டுக்கொண்டே எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"இத யார்ட்ட எல்லாம் சொன்னீங்க?"

"உங்ககிட்டத்தான் மிஸ். சிஸ்டருக்குத் தெரியும். மிஸ், இது திருப்தி பத்தின விஷயமில்ல. இதை எண்ணி மூணாவது குறை, நாலாவது குறைன்னு போடக்கூடாது. மொதல் பக்கத்துல, மேல, தனியா வரணும். இண்டைக்கே பிரிவை மூடிப் பாக்கச் சொல்லணும்."

ஷிரோமி கெட்டவள் இல்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் குடும்பம் நடத்துகிறவள். அவள் கைகள் படிவங்களை அடுக்கிக்கொண்டே இருந்தன.

"இன்ஷிரா, நாம டொக்டர் இல்ல. நோயாளி எழுதுறத வச்சிக்கிட்டுத் தண்ணியில கிருமின்னு ரிப்போர்ட்ல போட்டா, இல்லன்னு ஆனா யாரு பதில் சொல்றது? அடுத்த மாசம் தரச்சான்றிதழ் காரங்க வர்றாங்க. அவங்க மொதல்ல கேக்கிறதே இந்த ரிப்போர்ட்டத்தான். நான் தரப் பிரிவுக்கு இப்பவே ஈமெயில் போடுறேன். அதுதான் சரியான வழி. நீங்க ரிப்போர்ட்ட வழமை மாதிரி முடிங்க."

"அறை வெப்பநிலைன்னு மறுபடியும் போட ஏலாது மிஸ்."

"அப்ப ஏனையவையில போடுங்க. சிகிச்சையின்போது அசௌகரியம்னு."

இன்ஷிரா மேசையைச் சுற்றிப் போனாள். ஷிரோமி ஈமெயில் அடிப்பதைப் பார்த்தாள். அனுப்பியதையும் பார்த்தாள். சரி, விஷயம் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டு தன் அறைக்கு வந்தாள். நடுக்கம், காய்ச்சல், பல் கட்டிப் போவது, பஸ்ஸில் கொதித்தது எல்லாம் சேர்ந்து 'சிகிச்சையின்போது அசௌகரியம்' என்று இரண்டு சொல்லாயின. அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு சதவீதம். மொத்தப் புள்ளி போன மாதத்தைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தது. பச்சை நிற அம்பு மேல்நோக்கி நின்றது.

அன்று வெள்ளிக்கிழமை. அடுத்துப் பௌர்ணமிப் போயா தினத்தோடு சேர்ந்த நீண்ட விடுமுறை. தரப் பிரிவுக்குப் பொறுப்பானவர் ஊருக்குப் போயிருந்தார். நோயாளர் கருத்து என்று தலைப்பிட்டு வந்த ஈமெயிலை விடுமுறையில் யார் திறப்பார்கள்?

சுத்திகரிப்புப் பிரிவுக்கு மட்டும் விடுமுறை கிடையாது. டொரதி டீச்சர் தன் முறைக்கு வந்தார். மெசினில் போட்டதும் குளிர் எடுத்தது. ஊசி போட்டார்கள். நடுக்கம் நின்றதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். தெல்தோட்டைக்குப் போய்ச் சேரும்போது அவருக்கு நினைவு தடுமாறியது. மறுநாள் கபிரியேல் ஒரு வேன் பிடித்துக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். இரத்தத்தில் கிருமி ஏறியிருக்கிறது என்றார்கள். இரத்த அழுத்தம் ஏறவே இல்லை. விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த அன்று டொரதி டீச்சர் இறந்துபோனார்.

யசோதினி மாடிப்படியில் வைத்து இதைச் சொன்னபோது இன்ஷிரா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. அதே காய்ச்சலோடு இன்னும் இருவர் பெரியாஸ்பத்திரி வார்டில் இருக்கிறார்கள் என்று யசோதினி சொன்னது தூரத்தில் எங்கோ கேட்டது.

பெரியாஸ்பத்திரியிலிருந்து டொக்டர்மார் போன் எடுத்த பிறகுதான் பிரிவை மூடினார்கள். தண்ணீரை எடுத்துப் பரிசோதித்ததில் கிருமி அளவுக்கு மிஞ்சி இருந்தது. பம்ப் திருத்தியதிலிருந்து குழாய் லைனைக் கழுவவே இல்லை. மாதாந்தத் தண்ணீர்ப் பரிசோதனையும், பரிசோதனைக்கூடத்தை மாற்றியபோது விடுபட்டுப் போயிருந்தது. டெக்னீஷியன் காட்டியது பழைய அறிக்கை.

இன்ஷிரா ஒரு நாள் லீவு போட்டுவிட்டுத் தெல்தோட்டைக்குப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை, வாப்பாவிடம் மட்டும் சொன்னாள். சாஹுல் ஹமீது மகளை மேலும் கீழும் பார்த்தார்.

"போய் என்னத்தச் சொல்லப்போற மகள்?"

"தெரியா வாப்பா. போகாம ஈக்க ஏலாம ஈக்கிது."

கபிரியேலின் வீடு சேர்ச்சுக்குக் கீழே, தேயிலை முடிகிற இடத்தில் இருந்தது. ஹோலில் டீச்சரின் படத்துக்கு முன் மெழுகுதிரி எரிந்தது. சொந்தக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, உக்காருங்க மிஸ் என்றார். பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். இன்ஷிரா அதை ஆறவிட்டாள். பிறகு சொன்னாள். ஜூலையில் டீச்சர் எழுதியதைத் தான் எப்படி மாற்றினாள், எந்தத் தலைப்பில் போட்டாள், அதனால்தான் போர்வை வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

கபிரியேல் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் மிஸ், அவ எழுத்து வெளங்கலையா ஒங்களுக்கு?"

"நல்லா வெளங்கிச்சு ஐயா."

"தமிழ்லதானே எழுதியிருந்தா?"

"தமிழ்லதான்."

"பின்ன?"

ஒரு மாதத்துக்கு அறுநூறு படிவம் வரும், ஒன்றுக்கு இவ்வளவு நேரம்தான், கட்டத்துக்குள் ஒரு வரிதான் அடங்கும் என்று இன்ஷிரா சொல்லியிருக்கலாம். மெழுகுதிரியைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"அந்தப் போர்வைய அவ வீட்டுக்குக் கொண்டாரணும்னு கேட்டா" என்றார் கபிரியேல். "நல்ல போர்வைன்னு. குடுக்க மாட்டோம்னுட்டாங்க." இன்ஷிரா எழுந்தபோது வாசல்வரை வந்தார். வீட்டுக்குள் திரும்பிப் போகும்போது, போய்ட்டு வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் லக்ஸ்மன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மாநாட்டு அறையில் அவரோடு ஷிரோமியும், கொழும்பிலிருந்து வந்த ஒரு சட்டத்தரணியும் இருந்தார்கள். மேசையில் ஜூலை மாத அறிக்கை இருந்தது. சட்டத்தரணி அதில் ஒரு வரிக்கு மஞ்சள் பூசியிருந்தார். அறை வெப்பநிலை.

லக்ஸ்மன் மிகவும் மரியாதையாகப் பேசினார். "இன்ஷிரா, உங்க ரிப்போர்ட் நமக்குப் பெரிய உதவியா இருக்கு. குளிர்னு நோயாளிங்க சொன்னாங்க. நாம கேட்டோம். ஏசியைச் சரி பண்ணினோம், போர்வை வாங்கினோம். ஆஸ்பத்திரி அசட்டையா இருக்கலன்னு இதுலயே தெரியுது. சுகாதார அமைச்சுலருந்து விசாரணைக்கு வர்றாங்க. நீங்க ஒரு சின்ன வாக்குமூலம் எழுதிக் குடுத்தாப் போதும். கருத்துப் படிவங்கள்ல காய்ச்சல், நடுக்கம்னு யாரும் எழுதல, அறைக் குளிரப் பத்தித்தான் எழுதியிருந்தாங்கன்னு."

அப்போதுதான் இன்ஷிராவுக்கு முழுசாக உறைத்தது. அவள் அவசரத்தில் அடித்த அந்த ஒரு வரி இப்போது ஆஸ்பத்திரிக்குக் கேடயம். டொரதி டீச்சர் சொன்னது எந்த அறிக்கையிலும் பதிவாகவில்லை. பதிவாகியிருப்பது அவள் சுருக்கியது மட்டும்தான்.

"சேர், அப்படி இல்ல. நடுக்கம்னும் எழுதியிருந்தாங்க, காய்ச்சல்னும் எழுதியிருந்தாங்க. நான்தான் பிழையாப் போட்டேன்."

சட்டத்தரணி பேனாவைக் கீழே வைத்தார். "மூலப் படிவம் இன்னும் இருக்கா?"

"இருக்கு. ஒரு வருஷத்துக்கு வச்சிருக்கணும்ங்கிறது நம்ம விதி."

ஷிரோமி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். லக்ஸ்மன் கடைசியில் சொன்னார்: "நீங்க பிழை விட்டீங்கன்னு நீங்களே சொன்னா, பிழை உங்க மேலதான் விழும். யோசிச்சுப் பேசுங்க."

"யோசிச்சிட்டேன் சேர். என் மேல விழுற பங்கு என் மேல விழட்டும்."

அன்று பின்னேரம் அவள் வீட்டுக்குப் போகுமுன் படிவங்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டாள். அது நல்லதாகப் போயிற்று. மறுநாள் காலை அலுமாரியின் சாவி ஷிரோமியிடம் போயிருந்தது.

விசாரணைக்கு வந்தவர்கள் மூன்று பேர். இன்ஷிரா தான் படம் எடுத்து வைத்திருந்த இரண்டு மாதத்துப் படிவங்களையும் வாசித்துக் காட்டினாள், சிங்களத்தில் எழுதியதைச் சிங்களத்திலும், தமிழில் எழுதியதைத் தமிழில் வாசித்துப் பிறகு சிங்களத்தில் சொல்லியும். எந்தச் சொல்லையும் விடவில்லை. அவர்களில் ஒரு டொக்டர் அம்மா, தலையைக் கையில் தாங்கிக்கொண்டு கேட்டார். "மெசின் போட்டுக் கொஞ்ச நேரத்தில் என்று அவர் நேரத்தைக்கூடச் சொல்லியிருக்கிறாரே" என்றார் சிங்களத்தில். "இந்த ஒரு வரி எங்களில் ஒருவர் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கே தண்ணீரை நிறுத்தியிருப்போம்."

ஷிரோமியும் தன் ஈமெயிலைக் காட்டினாள். அந்தளவில் அவள் பொய் சொல்லவில்லை.

விசாரணை அறிக்கையில் டெக்னீஷியனின் பெயர் இருந்தது, தரப் பிரிவின் பெயர் இருந்தது, இன்ஷிராவின் பெயரும் இருந்தது. லக்ஸ்மனின் பெயர் இல்லை. தனக்கு வந்த அறிக்கையில் அப்படி எதுவும் இருக்கவில்லை என்று அவர் சொன்னார். அது உண்மைதான். டெக்னீஷியனை நீக்கினார்கள். இன்ஷிராவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வார்டிலிருந்த இருவரில் ஒருவர் பிழைத்தார். கபிரியேல் வழக்குப் போட்டார். இன்ஷிரா முதல் சாட்சி. கண்டி நீதிமன்றத்தில் தவணை தவணையாகத் தள்ளிக்கொண்டே போனார்கள். அங்கே கண்டால் அவர் தலையை மட்டும் அசைப்பார். பக்கத்தில் வந்து உட்காரமாட்டார்.

பிலிமத்தலாவையில் ஒரு பித்தளைச் சாமான் கடையில் அவளுக்குக் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. ஒரு மத்தியானம் யசோதினி போன் எடுத்தாள். பிரிவு திறந்து மாதங்களாகிவிட்டிருந்தன. தண்ணீரை இப்போது ஒழுங்காகப் பரிசோதிக்கிறார்கள் என்றாள். புதுப் படிவமும் வந்திருக்கிறதாம்.

"வட்டம் மட்டும்தான். கீழ எழுதுறதுக்கு இடம் வைக்கேல்ல. புள்ளி நாலு தசம் ஏழுக்குப் போட்டுதாம், போன மாசம் கேக் வெட்டினவை."

இன்ஷிரா கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"ஆனா கேளுங்கோ" என்றாள் யசோதினி. "சனம் பின்பக்கத்தில எழுதுதுகள். இண்டைக்கு ஒருத்தர் பக்கம் நிறைய எழுதித் தந்திருக்கிறார். மேல குடுத்தா, எதில பதியிறது, கட்டம் இல்லையே எண்டினம். நான் என்ன செய்ய?"

இன்ஷிரா கடையின் பின்பக்கம், சத்தம் குறைந்த இடத்துக்குப் போனாள்.

"வாசிங்க சிஸ்டர்" என்றாள். "மெதுவா. ஒரு சொல்லும் விடாம வாசிங்க."